சார்ட்டில் ஆறு பேர், தளத்தில் இருபது பேர்: சுமை கூடிப்போன மேலாளரைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மேலாளருக்கு நேரடியாகக் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை ஸ்பேன் என்கிறோம். நிறுவனத்தின் தலைமையிலிருந்து கடைசி ஊழியர் வரை எத்தனை படிகள் இருக்கின்றன என்பது அடுக்கு. இரண்டையும் எண்ணுவது அரை நாள் வேலைதான். எண்ணி முடித்த பிறகு தவறான ஆளைக் கைகாட்டிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

சிங்கப்பூரில் மனிதவளப் பிரிவுகளில் இந்தக் கணக்கைப் பல முறை போட்டிருக்கிறேன், புதியவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எல்லோரும் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அதனால் இங்கே ஒரே ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை போகிறேன். உறைந்த உணவுப் பொருள்களைச் சேமித்துக் கடைகளுக்கு அனுப்பும் குளிர்கிடங்கு அது, மேற்குப் பகுதியில் இருக்கிறது. ஊழியர் பட்டியலில் 118 பேர். யாரோ ஒரு மேலாளர் தாங்க முடியாத அளவுக்குச் சுமக்கிறார் என்ற சந்தேகம் நிர்வாகத்துக்கு இருந்தது, யார் என்பதுதான் தெரியவில்லை.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் சம்பளப் பட்டியலிலிருந்து எடுத்த ஊழியர் பட்டியல். சுவரில் மாட்டியிருக்கும் ஆர்க் சார்ட்டையோ பவர்பாயிண்ட்டில் வரைந்த படத்தையோ வைத்துத் தொடங்காதீர்கள். அந்தப் படத்தை யாரோ ஒருவர் அழகாக வரவேண்டும் என்று வரைந்திருப்பார். பெட்டிகள் ஒரு பக்கத்தில் அடங்காதபோது இரண்டு குழுக்களை ஒன்றாக்கியிருப்பார். சம்பளப் பட்டியலில் அப்படிச் செய்ய வழியில்லை.

அந்தப் பட்டியலில் ஊழியர் எண், பதவி, யாருக்குக் கீழே வேலை செய்கிறார், எந்த இடம், எந்த ஷிப்ட், சேர்ந்த தேதி ஆகியவை போதும். சம்பளத் தொகையும் அடையாள அட்டை எண்ணும் வேண்டாம், வந்திருந்தால் நீக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இந்தக் கோப்பு பல கைகளுக்குப் போகும், தேவையில்லாத தனிப்பட்ட தகவல் அதில் இருக்கக் கூடாது.

இரண்டாவதாக, காலியாக இருக்கும் பதவிகளின் பட்டியல். எந்தத் தேதியிலிருந்து காலி என்பதும் வேண்டும். மூன்றாவது, கடந்த நான்கு வாரத்து டூட்டி ரோஸ்டர், வேலைக்கு ஆள் அனுப்பும் சப்ளை கம்பெனியின் ஆட்களுடைய வருகைப் பதிவோடு சேர்த்து. இந்த மூன்றாவதைக் கேட்க மறப்பவர்கள்தான் அதிகம். ஏன் வேண்டும் என்பது ஐந்தாம் படியில் புரியும்.

## 2. ஒருவருக்கு ஒரே மேலாளர் என்று பட்டியலைச் சரிசெய்யுங்கள்

ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு மேலாளர் எண் இருக்க வேண்டும். இரண்டு பேருக்குப் பதில் சொல்கிறவர்கள் இருப்பார்கள், அது நிஜம்தான். ஆனால் கணக்குக்கு யார் அவருடைய விடுப்பை அனுமதிக்கிறாரோ, யார் ஆண்டு மதிப்பீடு எழுதுகிறாரோ, அவரையே மேலாளராக வையுங்கள். மற்றவரைத் தனிப் பத்தியில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் எண்ணினால் ஒரே ஆள் இரண்டு முறை வந்து, மொத்த எண்ணிக்கை 118ஐத் தாண்டிவிடும்.

பதவிப் பெயரை வைத்து யார் மேலாளர் என்று முடிவு செய்யாதீர்கள். இங்கே ‘மேனேஜர்’ என்ற பட்டம் தாராளமாகவே கொடுக்கப்படுகிறது. கீழே ஒருவர்கூட இல்லாத சீனியர் மேனேஜர் உண்டு. பட்டம் எதுவும் இல்லாமல் பதினைந்து பேரை நடத்தும் டீம் லீடரும் உண்டு. யாருடைய எண் ‘யாருக்குக் கீழே’ என்ற பத்தியில் வருகிறதோ அவர்தான் மேலாளர்.

## 3. முதலில் அடுக்குகளை எண்ணுங்கள், ஸ்பேன் பிறகு

புதியவர்கள் நேராக ஸ்பேனுக்குப் போய்விடுவார்கள். அடுக்கை முதலில் போடுவதற்குக் காரணம் இருக்கிறது: பட்டியலில் இருக்கும் ஓட்டைகளை அடுக்குதான் காட்டிக்கொடுக்கும். ஓட்டையை அடைக்காமல் ஸ்பேன் எண்ணினால் அந்த எண் பொய்யாகிவிடும்.

எக்செல்லில் A பத்தியில் ஊழியர் எண், B பத்தியில் பதவி, C பத்தியில் மேலாளரின் எண். எண்கள் E001 என்பதுபோல எழுத்தோடு தொடங்கட்டும், வெறும் இலக்கங்களாக இருந்தால் இந்தச் சூத்திரம் பொருத்தம் தேடும்போது தவறிவிடும். கீழே உள்ளதை D2வில் எழுதி, வலப்பக்கம் I வரைக்கும் பிறகு கீழேயும் இழுங்கள்:

```
=IF(C2="","",XLOOKUP(C2,$A$2:$A$500,$C$2:$C$500,"?")&"")
```

ஒவ்வொரு பத்தியும் ஒரு படி மேலே ஏறி, மேலாளரின் மேலாளரைத் தேடி எடுக்கும். தலைமை நிர்வாகியை எட்டியதும் காலியாகிவிடும். அப்புறம் J2வில் அடுக்கு, K2வில் ஸ்பேன்:

```
=1+SUMPRODUCT(--(C2:I2<>""))
=COUNTIF($C$2:$C$500,A2)
```

தலைமை நிர்வாகி 1ஆம் அடுக்கு, அவருக்கு நேர் கீழே இருப்பவர்கள் 2. கேள்விக்குறி வந்த வரியில், அந்த மேலாளரின் எண் பட்டியலிலேயே இல்லை என்று பொருள். பெரும்பாலும் அவர் வேலையை விட்டுப் போனவராக இருப்பார். I பத்தி வரைக்கும் எண்கள் நிரம்பியிருந்தால் இருவர் ஒருவருக்கொருவர் மேலாளராகப் பதிவாகியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படி இல்லையென்றால் உண்மையிலேயே எட்டு அடுக்கு இருக்கிறது. நூறு பேர் உள்ள இடத்தில் அது தனியாக விசாரிக்க வேண்டிய விஷயம்.

இனிதான் முக்கியமான வேலை. பட்டியலை அடுக்கு வாரியாக வரிசைப்படுத்தி, ஒவ்வொரு அடுக்கிலும் உள்ள பதவிப் பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள். குளிர்கிடங்கில் 3ஆம் அடுக்கைப் படித்துக்கொண்டு வந்தபோது மேனேஜர், மேனேஜர், மேனேஜர் என்று போய், நடுவில் ‘இரவு ஷிப்ட் சூப்பர்வைசர்’ என்று ஒன்று வந்தது. அவரோடு குளிரறை லீடர், லாரி அனுப்பும் பொறுப்பாளர், பழுதுபார்ப்பு லீடர், சரக்குக் கணக்கு லீடர் என்று இன்னும் நான்கு பேர். எல்லோரும் இயக்கப் பிரிவு இயக்குநருக்கு நேர் கீழே. பகலில் இதே மாதிரிப் பதவிகள் 4ஆம் அடுக்கில் இருந்தன.

சூப்பர்வைசர் ஒருவர் மேனேஜர்களின் வரிசையில் உட்கார்ந்திருந்தால் நடுவில் ஓர் இருக்கை காணாமல் போயிருக்கிறது. காலிப் பதவிப் பட்டியலைப் பார்த்தோம். இரவு இயக்க மேலாளர் நான்கு மாதங்களுக்கு முன்னால் போயிருந்தார். அவர் பெயரை நீக்கியதும் மென்பொருள் அவருக்குக் கீழே இருந்த ஐந்து பேரையும் தானாகவே ஒரு படி மேலே ஏற்றிவிட்டது. இந்த வசதி பல மனிதவள மென்பொருள்களில் இருக்கிறது. விடுப்பு விண்ணப்பம் அனுமதிக்க ஆள் இல்லாமல் நிற்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது, நல்லதும்கூட. ஆனால் நம் கணக்கை அது கெடுத்துவிடும்.

## 4. காலி இருக்கையைப் பட்டியலில் திரும்பப் போடுங்கள்

காலிப் பதவிக்கு ஓர் எண் கொடுத்து, E001க்குப் பதிலாக V001 என்பதுபோல, புதிய வரியாகச் சேருங்கள். அவருக்குக் கீழே இருந்தவர்களின் C பத்தியை அந்த எண்ணுக்கு மாற்றுங்கள்.

குளிர்கிடங்கில் இதைச் செய்யும் முன் இயக்குநரின் ஸ்பேன் 11. பார்த்த எல்லோரும் அவர்தான் சுமை தாங்காமல் தவிக்கிறார் என்று நினைத்தார்கள். வரியைச் சேர்த்ததும் அது 7 ஆனது: சொந்தமாக ஆறு பேர், கூடவே ஒரு காலி இருக்கை. மீதி ஐந்து பேர் காலி நாற்காலிக்குக் கீழே போனார்கள். அந்த ஐந்து பேருக்கும் இரவில் உண்மையில் யார் பதில் சொல்கிறார் என்ற கேள்வியைக் குறித்துவைத்துக்கொண்டு நகருங்கள்.

## 5. ஸ்பேனை எண்ணுங்கள், சராசரியில் நின்றுவிடாதீர்கள்

இப்போது K பத்தியைப் பார்க்கலாம். காலி இருக்கையையும் சேர்த்து மேலாளர் இருக்கைகள் 25, அவற்றுக்குக் கீழே 118 வரிகள். சராசரி 4.7. இந்த ஒரு எண்ணை அறிக்கையில் போட்டு ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று முடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிரித்துப் பார்த்தால் வேறு கதை. ஒன்பது மேலாளர்களுக்குக் கீழே ஒருவரோ இருவரோதான். பதின்மூன்று பேருக்கு மூன்று முதல் ஏழு. மூன்று பேருக்கு மட்டும் 17, 13, 9. மேலே மெலிந்த சங்கிலிகளும் கீழே பருத்த குழுக்களும் ஒன்றையொன்று சமன் செய்து, சராசரியை அழகாகக் காட்டிவிடுகின்றன. அதனால் எப்போதும் மேலாளர் பெயருக்கு எதிரே அவரவர் எண்ணை வைத்து, பெரியதிலிருந்து சிறியது வரை முழுப் பட்டியலாகப் பாருங்கள்.

அடுத்து L என்று ஒரு பத்தி சேருங்கள். ஒரு சராசரி ஷிப்டில் அந்த மேலாளர் சொல்லி வேலை செய்கிற, ஆனால் நம் சம்பளப் பட்டியலில் இல்லாத ஆட்களின் எண்ணிக்கை அதில் வரும். சப்ளை கம்பெனி ஆட்கள், பகுதிநேரத்தார், பயிற்சி மாணவர்கள் எல்லோரும் சேர்த்தி. இந்த எண்ணை மேலாளரிடம் கேட்டு எழுதாதீர்கள், நான்கு வார ரோஸ்டரிலிருந்து எண்ணி எடுங்கள். வாய்க்கணக்கில் மோசமான இரவுதான் நினைவுக்கு வரும்.

சம்பளமும் விடுப்பும் சப்ளை கம்பெனியின் பொறுப்பு என்பதால் அவர்களை எண்ண வேண்டாம் என்று ஒரு வாதம் வரும். ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று நாம் சொல்லி வேலை வாங்கினால், வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி நமக்கும் அவர்கள்மேல் கடமை உண்டு. அந்தக் கடமையை இரவு இரண்டு மணிக்குத் தளத்தில் நின்று நிறைவேற்றுகிறவர் அந்தச் சூப்பர்வைசர்தான்.

குளிர்கிடங்கில் இந்தப் பத்தியை நிரப்பியதும் வரிசையே மாறிவிட்டது. K பத்தியில் வெறும் 6 என்று நடுவில் எங்கோ இருந்த இரவு ஷிப்ட் சூப்பர்வைசருக்கு L பத்தியில் 14 வந்தது. இரண்டும் சேர்ந்து 20. முதலிடத்தில் இருந்த 17ஐ அவர் தாண்டிவிட்டார்.

## 6. எண்ணுக்குப் பக்கத்தில் வேலையின் தன்மையை எழுதுங்கள்

20 அதிகமா, 17 அதிகமா என்பதை எண் மட்டும் சொல்லாது. எல்லோரும் ஒரே வேலையை, ஒரே இடத்தில், ஒரே முறைப்படி செய்தால் பதினைந்து பேருக்கு மேல்கூட ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு வேலை, ஒவ்வொருவருக்கும் வழிகாட்ட வேண்டும் என்றால் ஆறேழு பேரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மேலாளரே பாதி நேரம் தன் சொந்த வேலையைச் செய்கிறவர் என்றால் நான்கு ஐந்து பேரே போதும். இவை நான் பயன்படுத்தும் தோராய அளவுகள். சட்டம் மாதிரி பிடித்துக்கொள்ளாதீர்கள்.

17 பேரை வைத்திருப்பவர் பகல் ஷிப்டில் சரக்கு எடுக்கும் குழுவின் லீடர். கையில் ஸ்கேனர், எந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்பதைத் திரையே சொல்லிவிடும். குழுவில் பெரும்பாலானோர் இரண்டு ஆண்டுக்கு மேல் வேலை செய்தவர்கள். அவர் வரிக்கு எதிரே ‘கண்காணிக்கவும், அவசரமில்லை’ என்று எழுதினேன்.

இரவுச் சூப்பர்வைசரின் நிலைமை எல்லா வகையிலும் வேறு. அவருடைய ஆறு பேரில் இருவர் வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. சப்ளை ஆட்களில் தினமும் முகங்கள் மாறுகின்றன. உறைகிடங்கு ஒரு பக்கம், சரக்கு ஏற்றும் தளம் இன்னொரு பக்கம், நடுவே நடந்துதான் போக வேண்டும். வெப்பநிலைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதும் அனுப்பு ஆவணங்களைச் சரிபார்ப்பதும் அவருடைய சொந்த வேலைகள்.

## 7. சுமையின் தடயங்களைத் தேடுங்கள்

ஓவர்டைம் அறிக்கையை எடுத்தால் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தெரியாது. இங்கே வேலை நேரத்தையும் ஓவர்டைமையும் பற்றிச் சொல்லும் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 4ஆம் பகுதி மேலாளர்களையும் நிர்வாக அதிகாரிகளையும் உள்ளடக்காது. மாதம் 72 மணி நேரம் என்ற ஓவர்டைம் உச்சவரம்பும் அதற்குள் வருபவர்களுக்குத்தான். ஆகவே பல நிறுவனங்களில் குழுவின் ஓவர்டைம் பதிவாகும், குழுவை நடத்துகிறவர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார் என்பது எங்கேயும் பதிவாகாது.

அதனால் வேறு இடங்களில் பாருங்கள். விடுப்பு விண்ணப்பங்களை அவர் எந்த நேரத்தில் அனுமதிக்கிறார்? ஷிப்ட் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து அனுமதித்திருந்தால் அது வீட்டிலிருந்து செய்த வேலை. அவருடைய சொந்த ஆண்டு விடுப்பில் எவ்வளவு மிச்சம்? புதியவர்களின் தகுதிகாண் மதிப்பீடு தாமதமாகிறதா? நெகிழ்வான வேலை ஏற்பாடு கேட்டு முறையாக விண்ணப்பித்தவருக்கு இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் சொல்கின்றன. அந்த விண்ணப்பங்கள் யாருடைய மேசையில் கிடக்கின்றன என்பதும் ஒரு நல்ல தடயம்.

இரவுச் சூப்பர்வைசருடைய அனுமதிகளில் பெரும்பகுதி காலை ஒன்பதுக்குப் பிறகு. ஷிப்ட் ஏழு மணிக்கே முடிந்துவிடும்.

## 8. பக்கத்தில் நின்று பாருங்கள்

இந்தப் படியை விட்டுவிட்டு அறிக்கை எழுதாதீர்கள். முதல் இரண்டு மூன்று பெயர்களுடன் ஆளுக்கு ஒன்றிரண்டு ஷிப்ட் கூடவே இருங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை அவர் என்ன செய்கிறார் என்று ஒரு சொல்லில் குறியுங்கள்: சொந்த வேலை, தன் ஆட்கள், அடுத்தவர் வேலை. இந்த மூன்று வகை போதும். அதற்கு மேல் வகைப்படுத்தினால் குறிப்பெடுப்பதிலேயே கவனம் போய்விடும்.

“தம்பி, பேப்பர்ல ஆறு பேருன்னு போட்டிருக்கீங்க. ராத்திரி பதினோரு மணிக்கு வந்து நின்னு பாருங்க,” என்றார் இரவுச் சூப்பர்வைசர் அண்ணன், முதலில் பேசியபோது. போனேன். ஷிப்ட் தொடங்கியதும் புது முகங்களை ஓரமாக நிறுத்தி, ஃபோர்க்லிஃப்ட் போகும் பாதை எது, கதவு மூடி உள்ளே மாட்டிக்கொண்டால் எதை அழுத்த வேண்டும் என்று தமிழிலும் கொஞ்சம் மலாயிலும் சொன்னார். பாதியில் போன் அடித்தது. லாரி அனுப்புகிறவர், ஒரு வண்டி பழுது, சரக்கை வேறு வண்டியில் மாற்றலாமா என்று கேட்டார். அது காலியாகக் கிடக்கும் மேலாளர் எடுக்க வேண்டிய முடிவு. அன்றைக்கு அப்படி அடித்த போன்களை எண்ணுவதைப் பாதியிலேயே விட்டுவிட்டேன்.

இரண்டு இரவுகளின் சராசரி இது. எட்டு மணி நேரத்தில் சொந்த வேலை மூன்று மணி. காலிப் பதவியின் முடிவுகள் இரண்டரை மணி. புது முகங்களுக்கு விளக்குவது ஒரு மணி. மிச்சம் ஒன்றரை மணி, அதாவது 90 நிமிடம், இருபது பேருக்கு. ஆளுக்கு நாலரை நிமிடம்.

நான்காம் படியில் குறித்துவைத்த கேள்விக்கும் இங்கேதான் விடை கிடைத்தது. காலி நாற்காலிக்குக் கீழே இருந்த மற்ற நான்கு லீடர்களும் எந்த உத்தரவும் இல்லாமலே இவரிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருப்பவர்களில் மூத்தவர் அவர், அவ்வளவுதான் காரணம்.

## 9. தீர்வை இந்த வரிசையில் யோசியுங்கள்

சுமை கூடியவரைக் கண்டுபிடித்ததும் குழுவை இரண்டாகப் பிரித்து இன்னொரு சூப்பர்வைசரைப் போடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அதைக் கடைசியாக வையுங்கள். பிரித்த பிறகு இருவருக்கும் மேலே ஒருங்கிணைக்க ஒருவர் தேவைப்படுவார், அடுக்கு ஒன்று கூடிவிடும். ஆளுக்கு நாலரை நிமிடம் என்ற நிலைக்குக் காரணமான இரண்டரை மணி நேரமும் அப்படியே இருக்கும்.

அவருடையதல்லாத வேலையை முதலில் எடுங்கள். குளிர்கிடங்கில் அந்தக் காலிப் பதவியை நிரப்பும் வரை, வண்டி மாற்றும் முடிவுகளுக்கு இரவில் அழைக்க வேண்டியவர் பகல் போக்குவரத்து மேலாளர் என்று எழுத்தில் சொல்லப்பட்டது. அடுத்து, பத்துக்கு மேல் ஆட்களை அனுப்பும் இரவுகளில் தன் ஆளிலேயே ஒருவரைக் குழுத்தலைவராக அனுப்பும்படி சப்ளை கம்பெனியோடு பேசினார்கள். கட்டணம் கொஞ்சம் கூடியது. புது முகங்களுக்கு விளக்கும் வேலை அவரிடம் போனது.

காலிப் பதவிக்கு வெளியில் ஆள் தேடும் முன் ஸ்பேன் 1 என்று இருப்பவர்களைப் பார்க்கச் சொன்னேன். நிர்வாகப் பக்கத்தில் ஒரு சீனியர் மேனேஜருக்குக் கீழே ஒரு மேனேஜர், அவருக்குக் கீழே ஓர் அசிஸ்டண்ட் மேனேஜர், அவருக்குக் கீழே ஒரே ஒரு ஊழியர் என்று மூன்று படிச் சங்கிலி இருந்தது. நடுவில் இருந்தவர் முன்பு கிடங்கில் வேலை பார்த்தவர், இரவு இயக்கப் பொறுப்புக்கு வர ஒப்புக்கொண்டார். ஸ்பேன் 1 என்றாலே வேண்டாத பதவி என்று எழுதிவிடாதீர்கள். புதிதாகத் தொடங்கும் குழுவாக இருக்கலாம், மிகவும் நுட்பமான வேலையாக இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே எழுதுங்கள், ஒருவருடைய வேலை அந்த வரியில் இருக்கிறது.

## 10. மூன்று மாதம் கழித்துத் திரும்ப எண்ணுங்கள்

மாற்றம் செய்த அடுத்த வாரமே எண்ணினால் சார்ட் மாறியது தெரியும், பழக்கம் மாறியதா என்பது தெரியாது. லீடர்கள் பழைய ஆளுக்கேதான் போன் அடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் மூன்று மாதம் விட்டு, அதே K, L பத்திகளைப் புதிய ரோஸ்டரிலிருந்து நிரப்பி, அதே பதினைந்து நிமிடக் குறிப்பை ஓர் இரவு எடுங்கள்.

குளிர்கிடங்கில் திரும்பப் போனபோது அவருடைய K இன்னும் 6, L இன்னும் 14தான். அடுத்தவர் வேலைக்குச் செலவான நேரம் இரண்டரை மணியிலிருந்து அரை மணியாகக் குறைந்திருந்தது. விளக்கும் நேரம் இருபது நிமிடம். இருபது பேருக்கு மிச்சமானது 90 நிமிடத்திலிருந்து 250 நிமிடம், ஆளுக்குப் பன்னிரண்டரை நிமிடம். சேர்ந்து சில மாதங்களே ஆன அந்த இருவரில் ஒருவருக்கு ஸ்கேனரில் சரக்கைத் திருப்பிப் பதிவது எப்படி என்று பக்கத்தில் நின்று காட்டிக்கொண்டிருந்தார். நான் நின்ற அந்தக் கால் மணி நேரத்தில் அவருடைய போன் அடிக்கவில்லை.